கீழ் மடலின் மேல் செக்மென்ட்: பிசியோவுக்கும் சர்ஜனுக்கும்

கேள்வி: நுரையீரலை மடல் மடலாகப் படித்தால் போதாதா? செக்மென்ட் எல்லாம் சர்ஜனுக்கும் பிசியோவுக்கும் எதற்கு?

போதாது. ஒவ்வொரு மடலும் தனித்தனி மூச்சுக்கிளை உள்ள சிறு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது, அவைதான் செக்மென்ட்கள். வலது கீழ் மடலின் மேல் செக்மென்ட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூச்சுக்கிளை பின்பக்கமாகத் திறக்கிறது, அதனால் மல்லாந்து படுத்திருப்பவருக்குப் புரையேறினால் வாந்தியோ எச்சிலோ அங்கே போய்த் தேங்க வாய்ப்பு அதிகம். தேங்கியதை வடியவைக்கும் பிசியோ, கீழ் மடல்தானே என்று தலையைத் தாழ்த்தி ஒருக்களித்துப் படுக்கவைத்தால் அடி செக்மென்ட் வடியும், இது சரியாக வடியாது. கட்டிலைச் சமமாகவே விட்டு, குப்புறப் படுக்கவைத்து, வயிற்றுக்கடியில் தலையணை கொடுத்து, தோள்பட்டை எலும்பின் கீழ்முனையை ஒட்டித் தட்ட வேண்டும் (முதுகெலும்பின் மேல் தட்டவே கூடாது).

சர்ஜன் விஷயம் வேறு. அதே இடத்தில் சின்னக் கட்டி இருந்தால், சிலருக்கு மடல் முழுவதையும் விட்டுவிட்டு அந்தச் செக்மென்ட்டை மட்டும் எடுக்கலாம். மூச்சுக்கிளையும் தமனியும் செக்மென்ட்டின் நடுவே சேர்ந்து போகும், ஆனால் சிரைகள் இரண்டு செக்மென்ட்களுக்கு இடையே ஓடும், எல்லையைக் காட்டுவது அவைதான். அந்தச் சிரையைத் தவறிக் கட்டிவிட்டால் மிச்சம் வைத்த பகுதியில் ரத்தம் தேங்கிவிடும். எல்லையைப் பார்க்க, எடுக்கப்போகும் செக்மென்ட்டின் மூச்சுக்கிளையை மூடிவிட்டு நுரையீரலை ஊதினால் மற்றவை விரிய இது மட்டும் சுருங்கி நிற்க வேண்டும், ஆனால் பக்கத்துச் செக்மென்ட்டிலிருந்து காற்று கசிந்து எல்லை மங்குவதும் உண்டு, நுரையீரலின் காற்றறைச் சுவர்கள் சிதைந்துபோகும் எம்பைசீமா உள்ளவர்களுக்கு இன்னும் மோசம்.