இரு முனையிலும் ஒளி இருந்தும் இணைப்பு விளக்கு எரியாதது ஏன்?

கேள்வி: கிளிநொச்சியில் எங்கள் பாடசாலையின் அலுவலகத்துக்கும் கணினிக் கூடத்துக்கும் இடையே ஃபைபர் போட்டார்கள். இரு சுவிட்சுகளிலும் விளக்கு எரியவில்லை. வடம் அறுந்துவிட்டதா?

பெரும்பாலும் அறுந்திருக்காது. இரட்டை இழையில் ஒன்று அனுப்ப, மற்றது பெற. ஒரு சுவிட்சின் அனுப்பும் வாய் மறுமுனையின் பெறும் வாயில் முடிய வேண்டும். அதற்கு வழிநெடுக இழைகள் இடம் மாறும் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும்.

கடையில் வாங்கும் இணைப்பு வடம் ஒவ்வொன்றும் பொதுவாக ஒருமுறை இடம் மாற்றும். உங்களிடம் முனைக்கு ஒன்றாக இரண்டு. நிலத்தடி வடத்தை இரு பெட்டிகளிலும் ஒரே வரிசையில் முடித்திருந்தால் அது இடம் மாற்றாது. மொத்தம் இரண்டு, இரட்டைப்படை. அனுப்பும் வாயும் அனுப்பும் வாயும் ஒன்றையொன்று பார்க்கின்றன. பெறும் வாய்கள் இரண்டும் இருட்டில்.

உறுதிசெய்ய, சுவிட்ச் சிஸ்கோ என்றால்:

```
show interfaces transceiver
```

இரு முனையிலும் அனுப்பும் ஒளியான Tx இயல்பாகவும், பெறும் ஒளியான Rx ஏறத்தாழ ஒளியே இல்லாத -40 dBm அளவிலும் காட்டினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ஒரு முனைக்கு மட்டும் ஒளி வந்தால் ஓர் இழையில்தான் பழுது. மாற்றிச் செருகுவதால் பயனில்லை.

ஒரு முனையில் மட்டும் இணைப்பியின் பிடிப்பைக் கழற்றி, இரு இழைகளையும் இடம் மாற்றிச் செருகுங்கள். இரு முனையிலும் மாற்றினால் மீண்டும் இரட்டைப்படைதான். செருகுமுன் முனைகளைத் துடையுங்கள். வன்னியின் புழுதி ஒளியை மறைக்கும். இழை முனையைக் கண்ணருகே கொண்டுபோகவே வேண்டாம், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.