ஓஇடி ரைட்டிங்: லெட்டர் யாருக்குப் போகுதுன்னு பாருங்க

"அக்கா, திருநெல்வேலியில ஐசியூ நர்ஸா இருக்கேன். யுகே வர்றதுக்காக, மருத்துவத் துறை ஆளுங்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை ஓஇடி எழுதுறேன். கிராமர் பரவாயில்லைன்னு கோச்சிங்ல சொல்றாங்க, ஆனா ரைட்டிங்ல மார்க் ஏறவே மாட்டேங்குது. கேஸ் நோட்ஸ்ல இருக்கிற எதையும் விடாமத்தான் எழுதுறேன். என்ன பண்ணட்டும்?"

விடாம எழுதுறதுதான்மா சிக்கலே. உங்களுக்குத் தர்றது 180-லருந்து 200 வார்த்தை. நோட்ஸ்ல வேண்டாததும் இருக்கும், வேணும்னே வச்சிருப்பாங்க.

முதல் 5 நிமிஷம் பேனாவைத் தொடக்கூடாது, படிக்க மட்டும்தான். அப்போ நோட்ஸை மேலருந்து படிக்காதீங்க. கடைசியில ரைட்டிங் டாஸ்க்னு இருக்கும், லெட்டர் யாருக்கு, எதுக்குன்னு. அதைப் பார்த்துட்டு மேல போங்க.

ஒரு கேஸ் சொல்றேன். 72 வயசு அம்மா, இடுப்பு மூட்டு மாத்துற ஆபரேஷன் முடிஞ்சு டிஸ்சார்ஜ். தனியா இருக்காங்க, மகள் வார இறுதியில மட்டும் வருவாங்க. காயத்துல கிளிப் போட்டிருக்கு. ரத்தம் உறையாம இருக்க வீட்டுலயும் ஊசி தொடரணும், அவங்களுக்குத் தானே போட்டுக்கப் பயம். வார்டுல பிபி மாத்திரை டோஸைக் குறைச்சிருக்காங்க. சின்ன வயசுல அப்பெண்டிக்ஸ் ஆபரேஷன் ஆனது.

லெட்டர் வீட்டுக்கு வர்ற டிஸ்ட்ரிக்ட் நர்ஸுக்குன்னா, முதல் பாராவுலயே ஆபரேஷன் எப்போ நடந்தது, காயத்தைப் பார்க்கவும் ஊசி போடவும் அவங்க வரணும்னு சொல்லிடணும். 'பர்ப்பஸ்'னு தனி மார்க்கே இருக்கு. அது மூணாவது பாராவுல வந்தா அடி விழும். அடுத்து கிளிப் எடுக்க வேண்டிய தேதி, ஊசி எதுவரைக்கும், அந்தப் பயம், தனியா இருக்கிறது. பிபிக்கு ஒரு வரி போதும். அதே நோட்ஸ், ஆனா லெட்டர் குடும்ப டாக்டரான ஜிபிக்குன்னா பிபி டோஸ் மாத்தினது, ஏன் மாத்தினாங்க, திரும்ப எப்போ செக் பண்ணணும்ங்கிறதெல்லாம் முன்னாடி வரும். அப்பெண்டிக்ஸ் ரெண்டுலயும் வேண்டாம்.

ஐசியூ ஆளுங்களுக்கு இது கஷ்டம்தான். ஒரு ரீடிங் விட்டாலும் திட்டு வாங்கின கை. ஒரே நோட்ஸை வச்சு ரெண்டு பேருக்கு ரெண்டு லெட்டர் எழுதிப் பழகுங்க. எழுதினதும் ஒவ்வொரு வரியிலும் 'இதைப் படிச்சுட்டு அவங்க என்ன செய்வாங்க?'ன்னு கேளுங்க. பதில் இல்லேன்னா அடிச்சிடுங்க. 'பிடி', 'எச்/ஓ' மாதிரி சுருக்கத்தையும் அப்படியே காப்பி அடிக்காதீங்க, முழு வாக்கியமா வரணும்.

யுகேல நர்ஸுங்களைப் பதிவு பண்ற என்எம்சிக்கு ரைட்டிங்ல சி பிளஸ், அதாவது 300 போதும். ரீடிங், லிசனிங், ஸ்பீக்கிங் மூணுலயும் பி, 350 வேணும். அதனால ஸ்பீக்கிங்கை விட்டுடாதீங்க. அங்கேயும் இதே வியாதிதான்: ரோல்-பிளே கார்டுல இருக்கிறதை மடமடன்னு ஒப்பிச்சுடுவோம். நோயாளியா நடிக்கிறவங்க "ஊசின்னா பயமா இருக்கு"ன்னா, உடனே "டோன்ட் வொரி" சொல்லி ஊசியோட பலனுக்குத் தாவாதீங்க. எதுக்குப் பயம்னு கேட்டு, பதில் வர்ற வரைக்கும் பொறுங்க, அவங்க சொன்னதுலருந்து விளக்கத்தை ஆரம்பிங்க. அதுக்கும் மார்க் உண்டு.