அணில் எல்லா இடத்திலும் நிற்க வேண்டுமா?

*"ஈரோட்டில் கம்பு பஃப் தயாரித்து, 10 ரூபாய் பாக்கெட்டாகப் பெட்டிக்கடைகளுக்குப் போடுகிறோம். மூன்று சுவைகள். 'துறுதுறு' என்ற அணில் பொம்மையை முகப்பு முழுக்க அச்சிட்டிருக்கிறோம். பிள்ளைகள் 'அணில் பாக்கெட்' என்றே கேட்கிறார்கள். ஆனால் கேட்ட சுவைக்குப் பதில் வேறு சுவை வந்துவிட்டது என்று பாக்கெட்டுகள் திரும்பி வருகின்றன. அடுத்து கடலை மிட்டாயிலும் அணிலைப் போடலாமா?" — ஒரு வாசகி*

கடலை மிட்டாயை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். முகப்பைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

பெட்டிக்கடையில் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். ஒரு சரத்தின் ஓரத்தைப் பக்கத்துச் சரம் மறைத்துவிடும், நடுப்பகுதிதான் கண்ணில் படும். உங்கள் பாக்கெட்டில் அங்கே இருப்பது அணிலின் முகம். மூன்று சுவைக்கும் அதே முகம் என்றால் கடைக்காரர் எதைப் பார்த்துப் பிரிப்பார்? அணிலை மூன்றில் ஒரு பங்கு இடத்துக்குள் சுருக்கி, எல்லாப் பாக்கெட்டிலும் ஒரே மூலையில் நிறுத்துங்கள். நடுவில் சுவையின் பெயரும், மிளகோ தக்காளியோ அதன் படமும் வரட்டும். பின்னணி நிறமும் சுவைக்குச் சுவை தெளிவாக மாறட்டும். அச்சுக்குக் கொடுக்கும் முன் மாதிரிகளைச் சரமாகக் கட்டித் தொங்கவிட்டு, உங்கள் பொருளை அறியாத ஒருவரை ஆறடி தள்ளி நிறுத்தி, மூன்று வினாடி மட்டும் காட்டி என்ன சுவை என்று கேளுங்கள். தடுமாறினால் அணில் இன்னும் பெரியது.

ஒரு பாத்திரத்துக்குக் குணம் வருவது அதன் ஆசையிலிருந்து. 1986இல் வந்த சீட்டோஸின் செஸ்டர் சிறுத்தைக்கு ஒரே ஆசை, அந்தத் தின்பண்டம் எப்படியாவது கையில் கிடைக்க வேண்டும். விளம்பரங்கள் அதை வைத்தே ஓடின. துறுதுறுவுக்கும் அப்படி ஓர் ஆசை போதும். கடைசி பஃப்பை ஒளித்து வைப்பது, அது மாட்டிக்கொள்வது என்று வையுங்கள். அதே அணில் தீபாவளி வாழ்த்து, தள்ளுபடி, சத்து விவரம் எல்லாம் சொல்லத் தொடங்கினால் அறிவிப்புப் பலகையாகிவிடும். அவற்றை நிறுவனத்தின் பெயரில் சொல்லுங்கள்.

கடலை மிட்டாய்க்கு நான் தயங்குவதற்குக் காரணம் வேறு. அதில் கடலை காறல் அடித்தால் பிள்ளைகள் அணிலைத்தான் நினைவில் வைப்பார்கள், பஃப்பும் சேர்ந்து அடிவாங்கும். பஃப் நிலைத்து விற்கும்வரை மிட்டாய் தன் பெயரிலேயே போகட்டும்.

சட்டத்தையும் பாருங்கள். சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரை, உப்பு, கொழுப்பு வரம்பு மீறி எச்சரிக்கை முத்திரை பெறும் பொருள்களில் குழந்தைகளை ஈர்க்கும் கேலிச்சித்திரங்களுக்குத் தடை. கெல்லாக்ஸ் காலை உணவுப் பெட்டியிலிருந்து அதன் புகழ்பெற்ற பாத்திரமான டோனி புலியே அங்கே காணாமல் போனது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள், கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த பொருள்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் பிள்ளைகளுக்கு விற்கவோ விளம்பரப்படுத்தவோ தடை விதிக்கின்றன. உங்கள் பஃப் அந்த வகையில் வந்தால் அணில் வேடமிட்டவரைப் பள்ளி வாசலில் நிறுத்த முடியாது. நாளை இங்கும் சிலியைப் போலத் தடை வந்தால் என்ன ஆகும் என்று அறிய, அணிலைத் தாளால் மறைத்துப் பாருங்கள். எழுத்தையும் நிறத்தையும் வைத்தே உங்கள் பாக்கெட் என்று கடைக்காரர் சொல்ல வேண்டும்.

ஓவியரிடம் பதிப்புரிமையை எழுத்தில் வாங்கிவிட்டீர்களா? பத்திரத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் சட்டப்படி அது 5 ஆண்டுதான் செல்லும். "முழுக் காலத்துக்கும், உலகம் முழுவதற்கும்" என்று எழுதி வாங்குங்கள்.