கண்ணால பாத்தது வேற, காதால கேட்டது வேற

கேள்வி: எங்க ஸ்கூல்ல ஒரு பையன் விழுந்து அடிபட்டுட்டான். அப்பா அம்மாவுக்குக் கொடுக்குற மாதிரி ரிப்போர்ட் எழுதச் சொல்லியிருக்காங்க, எப்படி எழுதுறது?

பதில்: போன வருஷம் என் கிளாஸ்ல, ஏழாம் வகுப்பு, ஒரு பையன் இன்டர்வெல்ல தண்ணி டேப் பக்கத்துல விழுந்து புருவத்துக்கு மேல கிழிஞ்சிருச்சு. பதட்டத்துல நான் எழுதினது, "கவனக்குறைவாக ஓடியதால் வழுக்கி விழுந்து லேசான காயம்". எச்.எம். மேடம் படிச்சுட்டு "அவன் ஓடுனத நீங்க பாத்தீங்களா டீச்சர்?"னு கேட்டாங்க. நான் பாக்கவே இல்ல, சத்தம் கேட்டு ஓடி வந்தப்ப அவன் நெத்தியப் பிடிச்சுட்டு தரையில உக்காந்திருந்தான், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

அப்புறம் திருப்பி எழுதினேன். 11:10க்கு சத்தம் கேட்டது, நான் வந்தப்ப பையன் உக்காந்திருந்தது, தரை ஈரமா இருந்தது, இதெல்லாம் நான் பாத்ததா. ஈரத்துலதான் வழுக்குச்சுன்னு எழுதல, அது என்னோட ஊகம். "பின்னாலேர்ந்து இடிச்சாங்க"ன்னு அவன் சொன்னத அவன் சொன்ன வார்த்தையிலயே, அவன் சொன்னதுன்னு குறிச்சு தனியா எழுதினேன். இடிச்சதா அவன் சொன்ன அந்த இன்னொரு பையனோட பேர் ஆபீஸ் ஃபைல்ல மட்டும் இருக்கு, பேரன்ட்ஸ் காப்பியில "இன்னொரு மாணவர்"னுதான் போட்டோம், இல்லன்னா சாயங்காலமே கேட்டுல சண்டை வந்துரும், அதுவும் ஒரு குழந்தைதானே.

"லேசான காயம்"ங்கிறதயும் எடுத்துட்டேன். லேசா இல்லையான்னு டாக்டர்தான் சொல்லணும். "இடது புருவத்துக்கு மேல சுமார் 2 செ.மீ. கிழிசல், சுத்தமான துணி வச்சு 10 நிமிஷம் அழுத்திப் பிடிச்சதும் ரத்தம் நின்னுது"ன்னு எழுதினேன்.

தலையில அடின்னா இன்னும் ரெண்டு மூணு விஷயம் கண்டிப்பா வேணும். நினைவு தப்புச்சா, வாந்தி எடுத்தானா, பேச்சுல குழப்பம் இருந்துச்சா. இல்லன்னாலும் "நாங்க பாத்த வரைக்கும் இல்ல"ன்னு எழுதிடுங்க, ஏன்னா டாக்டர் அவங்க அம்மாகிட்ட முதல்ல கேக்குறதே இதுவும் எத்தன மணிக்கு அடிபட்டுச்சுன்னும்தான், அம்மா அங்க இல்லையே, இந்தப் பேப்பர்தான் அவங்களுக்காகப் பேசணும். வாந்தி, அதிகத் தூக்கம், தலைவலி கூடுறது இதுல எது வந்தாலும் ராத்திரியா இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னும் கீழ ஒரு வரி சேர்த்தோம்.

போன் பண்ண நேரத்த மறைக்காதீங்க. 11:20க்கு அம்மா எடுக்கல, 11:32க்குத்தான் அப்பா எடுத்தார், நடுவுல 12 நிமிஷம் நாங்க யாரையும் கூப்பிடல. அதையும் அப்படியே எழுதினோம். அப்பா அந்த வரியக் காட்டி ஏன்னு கேட்டார், அவர் நம்பர் ஆபீஸ் ரிஜிஸ்டர்ல பழசா இருந்துச்சு, தேட நேரமாச்சுன்னு சொன்னேன். புது நம்பர அங்கயே எழுதிக் கொடுத்துட்டு கையெழுத்துப் போட்டு காப்பி வாங்கிட்டுப் போனார்.