முந்நூறு பேரில் எட்டுப் பேரைக் கூப்பிடுகிறார்கள்: உங்கள் கணக்கு என்ன?

*கேள்வி: யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனத்தில் கணக்கு உதவியாளர் வெற்றிடம் ஒன்று. முந்நூறு பேர் மட்டில் விண்ணப்பித்திருக்கிறார்களாம். நான் எச்.என்.டி.ஏ. முடித்து, ஒன்றரை வருடம் கணக்காய்வு நிறுவனம் ஒன்றில் வேலை செய்தேன். சிங்களம் கதைப்பேன், எழுத வராது. எனக்கு உண்மையில் என்ன சான்ஸ்? போடுவதே வீண்தானா? – கொக்குவில் வாசகி*

போடுங்கள். முந்நூறு என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அந்த முந்நூறு பேரும் உங்களோடு போட்டியிடுவதில்லை.

நேர்முகத்துக்கு எட்டுப் பேரைக் கூப்பிடுவதாக வைப்போம். எட்டை முந்நூறால் வகுத்தால் மூன்று சதவீதம்கூட வராது. ஆனால் அந்தச் சராசரி யாருக்குமே பொருந்தாது. தெரிவு செய்பவர் முதலில் விளம்பரத்திலுள்ள கட்டாயத் தகைமைகளைப் பார்த்துத்தான் கழிப்பார். உதாரணமாக, கணக்கீட்டுத் தகைமை கேட்டிருந்தால் உயர்தரத்தோடு மட்டும் போட்டவர்கள் போய்விடுவார்கள். மிச்சம் 120 என்று வையுங்கள். ஒரு வருட அனுபவமும் குயிக்புக்ஸும் கேட்டிருந்தால் அது நாற்பதாகலாம். இவை நான் உதாரணத்துக்கு எடுத்த எண்கள், இடத்துக்கு இடம் மாறும். ஆனால் கழிபடும் முறை இதுதான். அந்த நாற்பதில் நீங்கள் இருந்தால் உங்கள் வாய்ப்பு நாற்பதில் எட்டு, அதாவது ஐந்தில் ஒன்று. இல்லாவிட்டால் கிட்டத்தட்டப் பூச்சியம்.

ஆகவே விளம்பரத்தை எடுத்து, 'கட்டாயம்' என்றிருப்பதற்கெல்லாம் கீழே கோடிடுங்கள். எல்லாம் உங்களிடம் இருந்தால் ஐந்தில் ஒன்று, பத்தில் ஒன்று என்ற அளவில் நம்பலாம். சிங்களம் 'விரும்பத்தக்கது' என்றிருந்தால் நீங்கள் பட்டியலில்தான் இருக்கிறீர்கள், சற்றுக் கீழே. 'எழுத, வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்' என்றிருந்தால் அந்த நேரத்தை வேறு வெற்றிடத்துக்குக் கொடுங்கள். 'மூன்று மொழியிலும் தேர்ச்சி' என்று எழுதிவிட்டு நேர்முகத்தில் முழிப்பதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

சரி, வாய்ப்பை எது கூட்டும்? தகைமை இருப்பது மட்டும் போதாது, அது கண்ணில் பட வேண்டும். பல இடங்களில் ஒருவர் எக்செல் தாளைத் திறந்து வைத்திருப்பார்: பெயர், தகைமை, அனுபவ மாதங்கள், மென்பொருள், மொழி, எப்போது சேரலாம். உங்கள் சுயவிபரக்கோவையைப் பார்த்து அந்தக் கட்டங்களை நிரப்புவார். தேடிப் பிடிக்க அவருக்கு நேரமில்லை. கிடைக்காத கட்டம் வெறுமையாகவே கிடக்கும். எங்கள் பிள்ளைகளின் சுயவிபரக்கோவையில் முதல் பக்கம் முழுக்கப் பிறந்த திகதி, தகப்பன் பெயர், சாதாரண தரப் பெறுபேறு. வேலை அனுபவம் இரண்டாம் பக்கத்தின் அடியில் இருக்கும்.

உங்கள் ஒன்றரை வருடத்தை 'கணக்காய்வுத் துறையில் அனுபவம் உண்டு' என்று எழுதினால் எந்தக் கட்டமும் நிரம்பாது. இப்படி எழுதிப் பாருங்கள்: 'கணக்காய்வு உதவியாளர், 18 மாதம். மூன்று வாடிக்கையாளர்களுக்கு மாதாந்த வங்கிக் கணக்கிணக்கக் கூற்றும் ஊழியர் சேமலாப நிதி சி படிவமும் தயாரித்தேன். குயிக்புக்ஸில் பதிவு.' (நீங்கள் உண்மையில் செய்ததைப் போடுங்கள்.) இது முதல் பக்கத்தின் மேல்பாதியில் வர வேண்டும். விளம்பரம் எந்தச் சொல்லைப் பாவித்ததோ, அதே சொல்லை நீங்களும் பாவியுங்கள்.

அடுத்தது நேரம். வந்த ஒழுங்கில் வாசித்து, போதுமான ஆட்கள் கிடைத்ததும் மிச்சத்தை மேலோட்டமாகத் தட்டிவிடும் இடங்கள் உண்டு. முடிவுத் திகதிக்கு முதல் நாள்தான் மின்னஞ்சல்கள் குவியும். அதற்குள் உங்களுடையது போயிருக்கட்டும். கோப்பின் பெயரில் உங்கள் பெயரும் பதவியும் இருக்கட்டும்.

'உள்ளுக்குள்ள ஆள் இருந்தாத்தான் வேலை' என்பார்கள். தனியார் நிறுவனங்களில் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. உங்களோடு வேலை செய்த ஒருவர் அங்கே இருந்து ஒரு வார்த்தை சொன்னால், உங்கள் விண்ணப்பத்தை நின்று வாசிப்பார்கள். இல்லாத தகைமையை அந்த வார்த்தை உண்டாக்காது.

ஒன்றை மட்டும் நம்பி இருக்கவும் வேண்டாம். ஒவ்வொன்றிலும் ஐந்தில் ஒன்று என்றால், ஐந்து வெற்றிடங்களுக்குப் போட்டு ஒன்றிலாவது அழைப்பு வர மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. பத்துக்குப் போட்டும் ஒன்றும் வராமல் போவது பத்தில் ஒரு தடவை நடக்கலாம். உங்களுக்கு அப்படி நடந்தால், அதைக் கெட்ட காலம் என்று விடாதீர்கள். ஒரே குறையுள்ள சுயவிபரக்கோவையைப் பத்து இடத்துக்கு அனுப்பியிருக்கவே சாத்தியம் அதிகம். கணக்குத் துறையில் உள்ள ஒருவரிடம் அதை அரை நிமிடம் காட்டி, திரும்ப வாங்கிவிட்டு, 'எத்தனை மாத அனுபவம், என்ன மென்பொருள்?' என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால் முதல் பக்கத்தைத் திரும்ப எழுத வேண்டும்.