கடையின் ரீல்ஸுக்கு எந்தப் பாட்டைப் போடலாம்?

குன்னூரில் கடைகளுக்கும் விடுதிகளுக்கும் விளம்பரப் பதிவுகள் தயாரித்துத் தருபவர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

இன்ஸ்டாகிராம் கொடுக்கிற பாட்டைத்தான் போட்டேன். ஏன் ஒலியை எடுத்துவிட்டார்கள்? (கோத்தகிரி, விடுதி உரிமையாளர்)

அந்தப் பட்டியலில் உள்ள திரைப்பாடல்கள் சொந்தப் பதிவுகளுக்காக அனுமதி பெறப்பட்டவை. அறை வாடகையும் முன்பதிவு எண்ணும் திரையில் வந்ததுமே உங்கள் ரீல்ஸ் விளம்பரமாகிவிடுகிறது. வணிகப் பயன்பாட்டுக்கென்றே Meta Sound Collection என்ற தனித் தொகுப்பு இருக்கிறது, அதிலிருந்து எடுங்கள். ஆனால் அந்த அனுமதி மெட்டாவின் தளங்களோடு முடிந்துவிடும் என்பதால், அதே வீடியோவை யூடியூபில் ஏற்றும்போது அங்குள்ள Audio Library இசையை மாற்றிச் சேர்க்க வேண்டும்.

கணக்கை கிரியேட்டர் என்று மாற்றினால் எல்லாப் பாட்டும் வருகிறதே! அதுவும் 15 விநாடிதான் போடுகிறேன். (ஊட்டி, சாக்லேட் கடை)

பட்டியல் நீளும் என்பது உண்மைதான், ஆனால் அதோடு சேர்ந்து அனுமதியும் நீள்வதில்லை. நீங்கள் விற்பது சாக்லேட்தான் என்பதைப் பாட்டின் உரிமையாளர் கணக்கின் வகையைப் பார்த்தா தெரிந்துகொள்வார்? விநாடிக் கணக்கும் செவிவழிச் செய்தியே. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஓர் அளவு கிடையாது.

தியாகராஜர் 1847இல் மறைந்தவர். அவர் கீர்த்தனைக்கு யாரிடம் அனுமதி கேட்பது? (குன்னூர், தேயிலைக் கடை)

கீர்த்தனைக்கு யாரிடமும் கேட்க வேண்டாம். இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் கடந்துவிட்டால் படைப்பு பொதுவுக்கு வந்துவிடும். ஆனால் நீங்கள் எடுக்கப்போவது கீர்த்தனையையா, ஒருவர் பாடிப் பதிவு செய்த ஒலியையா? ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் தனி உரிமை உண்டு. 1998இல் வெளிவந்த குறுந்தகடு என்றால் 2058 முடியும் வரை அதைத் தொடக்கூடாது. உள்ளூரில் பாடத் தெரிந்தவரைக் கொண்டு நீங்களே பதிவு செய்வதுதான் வழி.

அப்போதும் ஒரு தொல்லை வரலாம். ஒரு கடையின் பின்னறையில் வீணை வாசிக்கச் சொல்லி நானே பதிவு செய்தேன். தகரக் கூரையில் மழை விழும் ஓசைகூட அதில் கேட்கும். ஆனாலும் யூடியூபின் தானியங்கிச் சோதனை, அது ஏதோ ஓர் ஆல்பத்தின் ஒலி என்று உரிமைக் கோரிக்கை எழுப்பியது. மூலக் கோப்பு என்னிடம் இருந்ததால் தயங்காமல் மறுப்புத் தெரிவித்தேன். கோரியவர் பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் கோரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது.

படுகப் பாட்டு எங்கள் ஊர் எல்லோருக்கும் பொது. அதற்குமா அனுமதி? (கேத்தி, தைலக் கடை)

யார் இயற்றினார் என்றே தெரியாத பழம்பாட்டு என்றால் சட்டப்படி கேட்க ஆளில்லை. ஆனால் நீங்கள் அனுப்பியிருக்கும் பாட்டு அண்மையில் ஒருவர் எழுதி, ஸ்டூடியோவில் இசை சேர்த்துப் பதிவு செய்தது. எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர், பதிவுக்குப் பணம் போட்டவர் ஆகிய நால்வரும் ஒருவராகவே இருந்தாலும் இருக்கலாம், விசாரியுங்கள்.

பிறகு வாய்ப்பேச்சோடு விடாமல் கடிதம் வாங்குங்கள். எந்தப் பாட்டு, எந்தெந்தத் தளம், பணம் கட்டி ஓட்டும் விளம்பரத்துக்கும் சேர்த்தா என்பதோடு காலத்தையும் இடத்தையும் கட்டாயம் எழுதுங்கள். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். உங்கள் தைலத்தை வெளிநாட்டிலிருந்தும் வாங்குகிறார்கள் என்றால் ‘உலகம் முழுவதும்’ என்ற இரண்டு சொற்கள் தேவை.

சடங்கில் பாடும் பாட்டைத் தைலம் விற்கப் பயன்படுத்தலாமா என்பது வேறு கேள்வி. அதற்கு விடை சட்டத்தில் இல்லை. ஊர்ப் பெரியவர்களைத்தான் கேட்க வேண்டும், அவர்களும் ஒரே பதிலைச் சொல்வார்கள் என்று நான் நினைக்கவில்லை.

கல்யாணத்துக்குத்தான் விலக்கு உண்டே! எங்கள் மண்டபத்தில் நடந்த கல்யாண வீடியோவைப் பாட்டோடு போடலாம்தானே? (கொடைக்கானல்)

விலக்கு, கல்யாண நிகழ்ச்சியில் பாட்டை ஒலிக்கச் செய்வதற்குத்தான். மண்டபத்தின் விளம்பரம் கல்யாணம் ஆகாது. பாட்டை எடுத்துவிடுங்கள், மணமக்களிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

விருந்தினர் எடுத்த படத்தை அவர் பெயர் போட்டே போட்டேன். அதுவும் தப்பா? (கோத்தகிரி)

பெயர் போடுவது மரியாதை, அனுமதி ஆகாது. அவர் உங்களை டேக் செய்த ஸ்டோரியை அதற்கான பொத்தானால் பகிர்வது வேறு, படத்தை இறக்கி உங்கள் பதிவாக ஏற்றுவது வேறு. “எங்கள் பக்கத்திலும் விளம்பரத்திலும் பயன்படுத்தலாமா?” என்று கேட்டு, “சரி” என்று வந்த பதிலைப் படமெடுத்து வையுங்கள்.

இலவசமாக இறக்கிய தமிழ் எழுத்துருவுக்கும் நோட்டீஸ் வருமா? (குன்னூர், பேக்கரி)

வரலாம். இறக்கிய ஜிப் கோப்புக்குள் ஓர் உரிம ஆவணம் இருக்கும். அதில் Personal Use என்றிருந்தால் வர்க்கி பாக்கெட்டில் அதை அச்சிடக்கூடாது. OFL.txt என்றிருந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம். எழுத்துருவைத் தனியாக விற்கத்தான் கூடாது. Noto Sans Tamil, Mukta Malar இரண்டும் அவ்வகையே. உரிம ஆவணமே இல்லாமல் யாரோ வாட்ஸப்பில் அனுப்பிய எழுத்துரு என்றால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் தொடுவதில்லை.