ஜெர்மனியில் முதல் வேலை: "காலாண்டு முடிவுக்கு" என்ற இரண்டு வார்த்தை

"அண்ணா, ஸ்டுட்கார்ட்டில் முதல் வேலை கிடைத்திருக்கிறது. ஒப்பந்தத்தில் நோட்டீஸ் மூன்று மாதம், காலாண்டு முடிவுக்கு என்று போட்டிருக்கிறார்கள். ரகசியம் காக்கணும், விலகின பிறகு ஒரு வருஷம் போட்டி கம்பெனியில் சேரக்கூடாது என்றும் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? வீடு எந்தப் பக்கம் பார்ப்பது, குளிருக்கு என்ன வாங்கி வருவது?"

தம்பி, வீட்டை வந்து பார்த்துக்கொள்ளலாம், குளிர்கோட்டு இங்கேயே வாங்குங்கள். "காலாண்டு முடிவுக்கு" என்பதைப் படித்ததும் எனக்கு 2012 நினைவுக்கு வந்துவிட்டது.

அதன் அர்த்தம் இதுதான். மார்ச் 31, ஜூன் 30, செப்டம்பர் 30, டிசம்பர் 31, இந்த நான்கு நாட்களில் மட்டும்தான் நீங்கள் விலக முடியும், அதற்கு முன்னால் முழு மூன்று மாதம் இருக்க வேண்டும். எனக்கும் இதே வரிதான். ஜூலை 1-இல் வேறு இடத்தில் சேருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு, மார்ச் 30, வெள்ளிக்கிழமை மாலை, ராஜினாமாவை மின்னஞ்சலில் அனுப்பினேன். சென்னையில் அப்படித்தான் செய்து பழக்கம். திங்கட்கிழமை பதில் வந்தது: மின்னஞ்சல் செல்லாது, பேனாவால் கையெழுத்திட்ட காகிதம் வேண்டும். அன்றே ஓடிப்போய்க் கொடுத்தேன், ஆனால் அது ஏப்ரல் 2. அதிலிருந்து மூன்று மாதம் ஜூலை 2-இல் முடிகிறது, ஜூன் 30 தாண்டிவிட்டது, ஆகவே அடுத்த வாசல் செப்டம்பர் 30. புது இடத்தில் காத்திருக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். மனைவிக்கு விசா வந்து பையனோடு கிளம்பத் தயாராக இருந்த சமயம் அது. அந்தக் கோடை முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

வேலை ஒப்பந்தத்தின் விதிமுறைகளை மின்னஞ்சலிலேயே எழுதித் தரலாம் என்று 2025-இல் சட்டத்தைத் தளர்த்தினார்கள், ராஜினாமா மட்டும் இன்றும் காகிதம்தான். அனுப்பிய தேதி கணக்கில்லை, அவர்கள் கைக்குப் போன தேதிதான் கணக்கு. நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

கையெழுத்துப் போடும் முன்பே "காலாண்டு முடிவுக்கு" என்பதை "மாத முடிவுக்கு" என்று மாற்றச் சொல்லிக் கேளுங்கள். இதைக் கேட்பதை இங்கே யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நம் ஆட்கள்தான் "எல்லாரும் போட்டாச்சு, நீயும் போடு" என்று வாட்ஸாப்பில் தைரியம் சொல்வார்கள், அதில் பாதிப் பேர் ஜெர்மன் பக்கத்தைப் படித்தே இருக்க மாட்டார்கள். ஊரில் போல நோட்டீஸ் நாளுக்குப் பணம் கட்டிவிட்டுக் கிளம்பும் உரிமையும் இங்கே கிடையாது, முன்னால் போக வேண்டுமென்றால் இரு தரப்பும் சேர்ந்து எழுதும் விலகல் ஒப்பந்தம் வேண்டும். சோதனைக் காலத்தில், அதாவது அதிகபட்சம் முதல் ஆறு மாதம், வழக்கமாக இரண்டு வாரம் போதும், எந்த நாளிலும் முடியும். அந்த வரி உங்கள் காகிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், உங்கள் நோட்டீஸ் அவர்களுடையதைவிட நீளமாக இருக்கக்கூடாது, அது சட்டம்.

போட்டி கம்பெனித் தடையைப் பார்த்துத்தான் எல்லாரும் பயப்படுகிறார்கள், அதற்கு அவ்வளவு பயம் தேவையில்லை. வேலை முடிந்த பிறகு உங்களைக் கட்டிப்போட வேண்டுமென்றால் அவர்கள் பணம் தர வேண்டும், நீங்கள் கடைசியாக வாங்கியதில் குறைந்தது பாதி. போனஸ் எல்லாம் சேர்த்து மாதம் 5,000 யூரோ என்றால் தடை உள்ள ஒவ்வொரு மாதமும் 2,500. இரண்டு வருஷத்துக்கு மேல் போடவும் முடியாது. பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லையென்றால் அந்தத் தடை செல்லாது, கடைசிப் பக்கத்தில் "ஏதாவது செல்லாவிட்டால் அதற்கு நெருக்கமானது பொருந்தும்" என்று எழுதியிருந்தாலும் அது உயிர் பெறாது என்று கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் 2017-இல் சொல்லிவிட்டது. ஆனால் "வணிகச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி" என்று ஒரு வரி இருந்தால் கவனம், அந்தப் பாதிப் பணத்துக்கு ஒப்புக்கொண்டதாகவே அதை எடுத்துக்கொள்வார்கள், தடையும் நிற்கும். அந்த வரியைத் தேடிப் பார்த்து எனக்குச் சொல்லுங்கள். நோட்டீஸ் காலம் மட்டும் வேறு கதை: "வேலைக்கு வரவேண்டாம், சம்பளம் தருகிறோம்" என்று அனுப்பிவிட்டாலும் கடைசி நாள் வரை போட்டியாளரிடம் வேலை செய்யக்கூடாது.

ரகசியம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் தலையில் ஏறிய தொழில் அறிவு உங்களுடையது. வாடிக்கையாளர் பட்டியல், விலை விவரம், மென்பொருள் கோடு எல்லாம் அவர்களுடையது. என் பக்கத்து வீட்டுத் தஞ்சாவூர்ப் பையன், நல்ல பையன், விலகும் வாரத்தில் "மாதிரிக்கு இருக்கட்டும்" என்று நாற்பது கோப்புகளைத் தன் ஜிமெயிலுக்கு அனுப்பினான். மறுநாளே நோட்டீஸ் இல்லாமல் வெளியே. அவனுக்காக வக்கீலிடம் நானும்தான் போனேன், வேலை திரும்பக் கிடைக்கவில்லை.